இரண்டாவது காரணி எங்கிருந்து வந்தது?

காரணிப் பகுப்பாய்வு செய்து முடித்த முதுகலை மாணவர் பெரும்பாலும் இரண்டு தாள்களோடு வழிகாட்டியிடம் போகிறார். ஒன்று ஸ்க்ரீ பிளாட், மற்றொன்று லோடிங் அட்டவணை. வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் மேலே நிற்கின்றன, மற்றவை தரையோடு தரையாகக் கிடக்கின்றன. அட்டவணையில் ஐந்து கூற்றுகள் ஒரு பக்கமும் ஐந்து மறுபக்கமும் அழகாகப் பிரிந்திருக்கின்றன. அடுத்த வேலை இரண்டுக்கும் பெயர் வைப்பது என்று அவர் நினைக்கிறார். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வதுதான் இந்தப் பதிவு. சில கூற்றுகள் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்பதைத்தான் காரணி சொல்கிறது. அவை ஏன் அப்படிச் சேர்ந்து அசைகின்றன என்பதை அது சொல்வதில்லை. ஒரே உளப்பண்பை அளப்பதால் இருக்கலாம். ஒரே விதமாக எழுதப்பட்டதாலும் இருக்கலாம். இந்த இரண்டையும் லோடிங் அட்டவணையால் பிரித்துக் காட்ட முடியாது என்பது என் வாதம். ஒரு பழைய, நன்கு ஆராயப்பட்ட கேள்வித்தாளை வைத்து அதைச் சொல்கிறேன்.

மோரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோல் பத்தே கூற்றுகள் கொண்டது. நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக உருவான அது இன்று உளவியலில் மிக அதிகமாகப் பயன்படும் கேள்வித்தாள்களில் ஒன்று. ஐந்து கூற்றுகள் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்பவை, ஐந்து குறைத்துச் சொல்பவை. கூற்று நல்லதா கெட்டதா என்று பாராமல் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுக்கொண்டே போகும் ஆட்களின் பழக்கத்தைச் சமன் செய்யத்தான் இந்தக் கலப்பு. ரோசன்பர்க் அளக்க நினைத்தது ஒன்றை, அதாவது ஒருவர் தன்னை மொத்தத்தில் எப்படி மதிக்கிறார் என்பதை. ஆனால் பின்னால் வந்தவர்கள் இதைக் காரணிப் பகுப்பாய்வில் போட்டபோது மறுபடி மறுபடி இரண்டு காரணிகள் வந்தன. நல்லதாகச் சொல்லும் ஐந்தும் ஒன்றில், குறைத்துச் சொல்லும் ஐந்தும் இன்னொன்றில்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, கணக்கு எளிதாக வரும்படி ஒரு கற்பனையான ஒட்டுறவு அணியை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை, ஆனால் வடிவம் இத்தகைய அளவுகோல்களில் வருவதுதான். ஒரே திசையில் எழுதிய எந்த இரண்டு கூற்றுகளுக்கும் ஒட்டுறவு 0.45. திசை மாறிய எந்த இரண்டுக்கும் 0.30. எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்களை முன்பே திருப்பிப் போட்டுவிட்டோம், அதனால் எல்லா ஒட்டுறவும் நேர்க்குறி. ஆர் மென்பொருளில் நீங்களே செய்து பார்க்கலாம்:

```r
R <- matrix(0.30, 10, 10)
R[1:5, 1:5] <- 0.45
R[6:10, 6:10] <- 0.45
diag(R) <- 1
eigen(R)$values
```

முதல் ஐகன் மதிப்பு 4.30, இரண்டாவது 1.30, மீதி எட்டும் ஆளுக்கு 0.55. மொத்தம் பத்து. பத்துக் கூற்றுகளின் மாறுபாடும் இப்படிப் பங்கு பிரிந்திருக்கிறது. ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் வைத்துக்கொள் என்ற கைசர் விதி 'இரண்டு' என்கிறது. 1966-இல் ஸ்க்ரீ சோதனையை முன்வைத்த ரேமண்ட் கேட்டல் மலையடிவாரத்தில் சரிந்து கிடக்கும் கற்குவியலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். செங்குத்தான பாறை எங்கே முடிந்து சரளை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நம் வரைபடத்தில் மூன்றாவது புள்ளியிலிருந்து சரளை, ஆகவே இங்கும் 'இரண்டு'. ஆனால் முழங்கை எங்கே என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு விழும் வீழ்ச்சிதான் பெரிது, ஆகவே ஒன்றே போதும் என்று ஒருவர் சொன்னால் அவரை எளிதில் மறுக்க முடியாது.

இந்தத் தடுமாற்றத்துக்கு 1965-இலேயே ஜான் ஹார்ன் ஒரு நல்ல வழி சொல்லியிருந்தார். அதன் பெயர் இணைப் பகுப்பாய்வு. உங்களிடம் 300 பேர், பத்துக் கூற்று என்றால், அதே அளவில் எந்த உறவுமே இல்லாத சீரற்ற எண்களை உருவாக்கி அவற்றின் ஐகன் மதிப்புகளைக் கணக்கிட வேண்டும். உறவே இல்லாவிட்டாலும் மாதிரியின் ஏற்ற இறக்கத்தால் முதல் மதிப்பு 1.3-ஐ ஒட்டியும் இரண்டாவது 1.2-ஐ ஒட்டியும் வந்துவிடும். ஒன்று என்ற கைசர் எல்லை ஏன் தாராளமானது என்பது இதிலேயே தெரிகிறது. உங்கள் மதிப்பு இந்தச் சீரற்ற மதிப்பைத் தாண்டினால்தான் அது பொருட்படுத்தத் தக்கது. நம் 4.30 தாண்டுகிறது, 1.30-உம் 1.2-ஐத் தாண்டுகிறது. ஆக இருப்பதில் நம்பகமான சோதனையும் 'இரண்டு' என்றுதான் சொல்கிறது.

மூன்று விதிகளும் ஒரே விடையைத் தந்தபின் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் மூன்றும் பதில் சொன்ன கேள்வி எது என்று பாருங்கள். இரண்டாவது அச்சு தற்செயலா, தற்செயலுக்கு மேற்பட்டதா என்பது மட்டுமே. தற்செயல் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. 0.45-க்கும் 0.30-க்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது, வேறு 300 பேரிடம் கேட்டாலும் திரும்ப வரும். ஆனால் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் உளப்பண்பு ஆகிவிடாது. ஒரே மாதிரி எழுதிய கூற்றுகளை ஒரே மாதிரி வாசிக்கும் பழக்கமும் திரும்பத் திரும்ப வரும்.

இனி லோடிங் அட்டவணைக்கு வருவோம். பலர் வழுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லோடிங் என்பது ஒரு கூற்றுக்கும் காரணிக்கும் உள்ள உறவின் அளவு. நம் அணியிலிருந்து இரண்டு காரணிகளை எடுத்து, சுழற்றாமல் அப்படியே பார்த்தால், பத்துக் கூற்றுகளுக்கும் முதல் காரணியில் லோடிங் 0.61. இரண்டாவதில் நேர்மறை ஐந்துக்கு +0.27, எதிர்மறை ஐந்துக்கு −0.27. இந்த அட்டவணை ஒரு கதை சொல்கிறது: எல்லாக் கூற்றுகளுக்கும் பொதுவாக ஒரு வலுவான பண்பு, அதன் மேல் எழுதிய திசையால் வந்த ஒரு சிறிய சாய்வு.

இதையே வேரிமேக்ஸ் முறையில் சுழற்றுங்கள். சுழற்சி தரவை மாற்றுவதில்லை, அச்சுகளைத் திருப்பி வைக்கிறது, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு கூற்றுக்கும் தன் பக்கத்துக் காரணியில் 0.63, மறுபக்கத்தில் 0.24. முதலில் ஒன்றாய்த் தெரிந்தது இப்போது இரண்டாய்த் தெரிகிறது. இதோடு மென்பொருளில் இன்னொரு வசதியையும் பலர் இயக்கி வைத்திருக்கிறார்கள். 0.30-க்குக் கீழான லோடிங்குகளைக் காட்டாதே என்று கட்டளையிட்டால் அட்டவணை படிக்கச் சுத்தமாக இருக்கும். அப்படிச் செய்தால் 0.24 எல்லாம் மறைந்து, ஐந்து ஐந்தாகப் பளிச்சென்று இரண்டு கட்டங்கள் மிஞ்சும். ஆனால் மறைந்தது எது? திசை மாறிய இரண்டு கூற்றுகளின் ஒட்டுறவை இந்த லோடிங்குகளிலிருந்து திரும்பக் கணக்கிட வேண்டுமானால் 0.63-ஐ 0.24-ஆல் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்க வேண்டும். கிடைப்பது 0.30. அதாவது இரண்டு பக்கக் கூற்றுகளுக்கும் நடுவே இருக்கும் உறவு முழுவதையும் தாங்கி நின்றது அந்த 0.24-தான். அதை மறைத்தால், இரண்டு பக்கமும் ஒன்றையே அளக்கின்றன என்பதற்கான சான்று முழுவதும் தாளிலிருந்து போய்விடுகிறது. எஞ்சிய அட்டவணையைப் பார்ப்பவர், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணிகள் என்று எழுதிவிடுகிறார்.

மூன்றாவது வழி, காரணிகள் ஒன்றோடொன்று உறவு கொள்ளலாம் என்று அனுமதிக்கும் சாய்சுழற்சி, உதாரணமாக ஆப்ளிமின். இதில் தன் காரணியில் 0.67, மற்றதில் பூச்சியம். வேரிமேக்ஸை விடச் சுத்தம். ஆனால் அட்டவணைக்குக் கீழே இன்னொரு எண் வருகிறது, காரணிகளுக்கு இடையிலான ஒட்டுறவு: 0.67. இதை ஆய்வேட்டில் தெரிவிக்காமல் விடுவது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். 'இரண்டு' என்று அட்டவணை சொன்னதை அந்த ஓர் எண் பாதிக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வாசிக்க வேண்டியவற்றை எல்லாம் வாசிக்க இப்படிக் கேளுங்கள் (ஆப்ளிமினுக்கு `GPArotation` தொகுப்பும் நிறுவியிருக்க வேண்டும்):

```r
library(psych)
f <- fa(R, nfactors = 2, n.obs = 300,
        fm = "pa", rotate = "oblimin")
print(f$loadings, cutoff = 0)
f$Phi
```

சுழற்றாதது, வேரிமேக்ஸ், ஆப்ளிமின் ஆகிய மூன்று அட்டவணைகளும் ஒரே ஒட்டுறவு அணியை ஒரே துல்லியத்தோடு திருப்பித் தருகின்றன. பொருத்தத்தில் ஒன்று மற்றதை விட உயர்ந்ததல்ல. ஆகவே 'ஒரு பண்பும் ஒரு எழுத்துத் திசையும்' என்ற கதையா, 'இரண்டு பண்புகள்' என்ற கதையா என்று தீர்மானிக்க இந்த எண்களுக்குள் சான்று இல்லை. வெளியே போய்த்தான் தேட வேண்டும்.

குறுக்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டால் இரண்டாவது காரணி மறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறையாது. திருப்பிப் போடுவது ஒட்டுறவின் குறியை மாற்றுகிறதே தவிர ஐகன் மதிப்புகளை ஒரு புள்ளி கூட அசைப்பதில்லை. ஒரே ஒரு கூற்றைத் திருப்ப மறந்தால் அது தெரியவும் செய்யும்: முதல் காரணியில் மற்றவை +0.61 என்றிருக்க அது மட்டும் −0.61 என்று நிற்கும். அது தட்டச்சுப் பிழை, கண்டுபிடிப்பு அல்ல. க்ரோன்பாக் ஆல்ஃபாவும் இங்கே உதவாது. நம் எண்களில் ஐந்து ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆல்ஃபா 0.80, பத்தையும் சேர்த்தால் 0.85. இரண்டு கதைக்கும் அது தலையாட்டுகிறது.

வெளிச்சான்று எப்படி இருக்கும்? எட்வர்ட் கார்மைன்ஸும் ரிச்சர்ட் ஜெல்லரும் 1979-இல் செய்தது நல்ல முன்மாதிரி. ரோசன்பர்க் அளவுகோலின் இரண்டு காரணிகளையும் தனித்தனி மதிப்பெண்ணாக்கி, குடும்பப் பின்னணி, உளச்சாய்வுகள், சமூக அரசியல் மனப்பான்மைகள் போன்ற வெளி மாறிகளோடு ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டும் உண்மையிலேயே வேறு பண்புகள் என்றால் ஏதோ ஒரு மாறியோடாவது வேறுவிதமாக உறவாட வேண்டும். அப்படி ஆடவில்லை, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஒட்டின. ஆகவே இது பதில் தரும் பழக்கத்தால் வந்த பிரிவு என்று முடிவு செய்தார்கள். இன்னும் நேரடியான சோதனையை எலன் கிரீன்பர்கர் குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். மூல வடிவத்தோடு, எல்லாம் நேர்மறையாக எழுதிய ஒரு வடிவம், எல்லாம் எதிர்மறையாக எழுதிய ஒரு வடிவம் என்று மூன்றைப் பயன்படுத்தினார்கள். ஒரே திசையில் எழுதிய வடிவங்களில் ஒற்றைக் காரணி நன்றாகவே பொருந்தியது. எழுதும் விதத்தை மாற்றினால் காரணி போய்விடுகிறது என்றால், அந்தக் காரணி எழுதும் விதத்தில்தான் இருந்திருக்கிறது.

கவனக்குறைவு மட்டுமே கூட இதைச் செய்யப் போதும். நீல் ஷ்மிட்டும் டேனியல் ஸ்டல்ட்ஸும் 1985-இல் கணினியில் உருவாக்கிய தரவைக் கொண்டு காட்டினார்கள்: சுமார் பத்தில் ஒருவர் கூற்று எதிர்மறை என்பதைக் கவனிக்காமல் மற்றதைப் போலவே பதில் போட்டாலே, எதிர்மறைக் கூற்றுகளுக்கென்று தனியே ஒரு காரணி தெளிவாக எழுந்துவிடும். உங்கள் தரவில் இதைச் சோதிப்பது கடினமல்ல. 'என்னால் முடியும்' என்ற பொருளுள்ள கூற்றுக்கும் அதன் நேர் எதிரான கூற்றுக்கும் 'முழுதும் உடன்படுகிறேன்' என்று ஒருவரே போட்டிருக்கிறாரா, பத்துக்கும் ஒரே எண்ணை வரிசையாக வட்டமிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவர்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது ஐகன் மதிப்பு 1.30-இலிருந்து ஒன்றுக்குக் கீழே சரிந்தால் விடை கிடைத்துவிட்டது. சரியாவிட்டால் கேள்வி திறந்தே இருக்கிறது. நீக்கியது எத்தனை பேர், எந்த விதியால் என்பதை மட்டும் மறக்காமல் எழுத வேண்டும். விதியை முடிவைப் பார்த்தபின் வகுக்கக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் தன்னை உயர்வாக நினைக்காமல் இருப்பதும் ஒன்றா? ஒருவர் தன்னைப் பற்றிப் பெருமிதம் இல்லாமலும் அதே சமயம் தன்னை இழிவாக எண்ணாமலும் இருக்கலாமே. டிமதி ஓவன்ஸ் 1994-இல் தற்பெறுமதியையும் தன்னிழிவையும் தனித்தனியாக வைத்து வளரிளம் பருவத்தினரின் வாழ்க்கையோடு பொருத்தி, பிரித்துப் பார்ப்பதில் பயனுண்டு என்று வாதிட்டார். ஹெர்பர்ட் மார்ஷும் அவரோடு சேர்ந்தவர்களும் பின்னாளில் காட்டியபடி, இந்த எழுத்துத் திசையின் விளைவு ஆண்டுகள் தாண்டியும் அதே ஆட்களிடம் நிலைத்திருக்கிறது. அப்படியானால் அது வெறும் தூசி அல்ல, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு பதில் பாணி. நான் இதை ஏற்கிறேன். ஆனால் இந்த ஆய்வாளர்கள் யாரும் லோடிங் அட்டவணையை மட்டும் காட்டி அதைச் சொல்லவில்லை. வெளி மாறிகளையும் பல ஆண்டுத் தரவையும் கொண்டுவந்தார்கள். 'இரண்டு பண்புகள்' என்பது தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை, அது தனியே நிறுவ வேண்டிய முடிவு என்கிறேன்.

நிறுவும்போது ஒரு கண்ணி இருக்கிறது. தன்னிழிவுக் காரணி மனச்சோர்வோடு அதிகம் ஒட்டுகிறது, ஆகவே அது வேறு பண்பு என்று ஒரு மாணவர் எழுதலாம். ஆனால் மனச்சோர்வுக் கேள்வித்தாளின் கூற்றுகளும் பெரும்பாலும் எதிர்மறையாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் எழுத்துத் திசையே இரண்டு தாள்களிலும் ஒளிந்திருந்து அந்தக் கூடுதல் ஒட்டுறவைத் தந்திருக்கலாம். வெளி மாறி என்பது வேறு வழியில் அளந்ததாக இருக்க வேண்டும்: வருகைப் பதிவு, தேர்வு மதிப்பெண், ஆசிரியரோ தோழரோ தரும் மதிப்பீடு. எதோடு எந்தப் பக்கம் அதிகம் ஒட்ட வேண்டும் என்பதையும் தரவைத் தொடும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் நேர்மறையாக எழுதிவிடலாமே என்று அடுத்த மறுப்பு வரும். ஸ்க்ரீ பிளாட் நிச்சயம் அழகாகும். ஆனால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுபவரின் பழக்கம் அப்போது முதல் காரணிக்குள்ளேயே கலந்துவிடும். இரண்டு திசையும் இருந்தபோது அது தனிக் காரணியாக வெளியே வந்தது, நம்மால் பார்க்க முடிந்தது. இப்போது அது எல்லா லோடிங்கையும் கொஞ்சம் உயர்த்திவிட்டு, ஒற்றைக் காரணி என்ற நற்சான்றையும் வாங்கிக்கொள்ளும். வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி உயர்ந்து நிற்பதும் இப்படிப் பார்த்தால் தானாக நிரூபணம் ஆகாது. எதிர்மறைக் கூற்றுகளை வைத்திருந்து, அவற்றின் விளைவைக் கணக்கில் கொண்டுவருவதே மேல் என்பது என் கருத்து. அடுத்த மாதிரியில் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு செய்யும்போது, பத்துக்கும் பொதுவாக ஒரு பண்பும், எதிர்மறை ஐந்துக்கு மட்டும் ஒரு முறைக் காரணியும் வைத்த மாதிரியை, இரு காரணி மாதிரியோடு சேர்த்து ஓட்டலாம். முதல் சுற்றில் காரணி தேடிய அதே ஆட்களை வைத்து இதைச் செய்யக் கூடாது.

எதிர்மறையை எப்படி எழுதுகிறோம் என்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 'என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று ஒரு கூற்று, அதற்குப் பதில் 'உடன்படவில்லை'. மறுப்புச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, பதிலும் மறுப்பிலேயே முடிகிறது. இரண்டு மறுப்புகளையும் மனத்தில் சேர்த்துப் பொருள் காண வேண்டியவர், வேகமாக வாசித்தால் கடைசிச் சொல்லைத் தவறவிடுகிறார், அல்லது 'ஆம், இல்லைதான்' என்ற பொருளில் மறுப்பையே தேர்கிறார். 'என் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று எழுதினால் பொருள் எதிர்மறையாகவே இருக்கிறது, இலக்கண மறுப்பு மட்டும் போய்விடுகிறது. உங்கள் எதிர்மறைக் கூற்றுகளில் 'இல்லை', 'முடியாது' என்று முடிபவை எத்தனை, பொருளால் மட்டும் எதிர்மறையானவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது காரணியில் அதிக லோடிங் பெறுபவை முதல் வகை மட்டும்தான் என்றால், பெயர் வைக்க வேண்டியது மனத்தின் பண்புக்கு அல்ல, வாக்கிய அமைப்புக்கு.

மொழிபெயர்ப்பில் தனிக் கூற்று ஒன்று தடம் மாறுவதும் உண்டு. ரோசன்பர்க் அளவுகோலின் எட்டாவது கூற்று, தன்மேல் தனக்கு இன்னும் மதிப்பு இருந்திருக்கலாமே என்று விரும்புவதைப் பற்றியது. ஆங்கிலத்தில் அது குறையைச் சொல்கிறது. சீன மொழிபெயர்ப்பில் அதுவே தன்னை மேம்படுத்திக்கொள்ளும் நல்ல விருப்பமாக வாசிக்கப்பட்டு, மற்றக் கூற்றுகளோடு சேராமல் தள்ளி நின்றது. டேவிட் ஷ்மிட்டும் யூரி ஆலிக்கும் 2005-இல் 53 நாடுகளின் தரவை வெளியிட்டபோதும் எதிர்மறைக் கூற்றுகள் நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன என்றே கண்டார்கள். உங்கள் அட்டவணையில் ஒன்பது கூற்றுகள் 0.6-ஐ ஒட்டி இருக்க ஒன்று மட்டும் 0.2 என்றால், வெட்டு எல்லை 0.40 என்று சொல்லி உடனே நீக்க வேண்டாம். பதில் அளித்தவர்களில் ஐந்தாறு பேரிடம் அந்தக் கூற்றை வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று அவர்கள் சொற்களிலேயே கேளுங்கள். பெரும்பாலும் திருத்த வேண்டிய சொல் எது என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். திருத்திய பிறகு புதிய மாதிரியில் ஓட்டிப் பார்த்து, அப்போதும் 0.2 என்றால் நீக்கலாம்.